பரீட்சைக்குப் போன கை

டாக்டருக்குப் படிப்பவர்களின் பரீட்சைக்குக் கேள்வித்தாள் மட்டும் போதாது, நோயாளியும் வேண்டும். அப்படி ஒருநாள் மன்னார்குடியிலிருந்து பஸ் பிடித்துத் தஞ்சாவூருக்குப் போய், ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கேள்வித்தாளாக உட்கார்ந்தேன். பரீட்சைக்கு வர முடியுமா என்று வார்டு டாக்டர் கேட்டதும் நான் தலையாட்டியதற்குக் காரணம் தர்ம சிந்தனை அல்ல. பெரிய டாக்டர்கள் வருவார்கள், என் கையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்ற நப்பாசைதான்.

எனக்குத் தொழில் மோட்டார் காயில் கட்டுவது. கோடையில் கரண்ட் குறைந்து போர்வெல் மோட்டார் எரியாத ஊர் எங்கள் பக்கம் கிடையாது. மெல்லிய செப்புக் கம்பியைச் சுற்றுச் சுற்றாக விரலால் அழுத்தி உள்ளே இறக்க வேண்டும். கண்ணைவிட விரலுக்குத்தான் அதில் வேலை அதிகம். முதுகில் வெளிறிய தேமல்கள் வந்தபோது நான் கண்டுகொள்ளவில்லை. வலது கைச் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போனபோதும், கம்பி இழுக்கிற கைக்கு இதெல்லாம் சகஜம் என்று எனக்கு நானே வைத்தியம் பார்த்துக்கொண்டேன். அப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் ஓட்டினேன். பிறகு ஒருநாள் கடையில் தோல் கருகும் நாற்றம் அடித்தது. சுற்றுமுற்றும் தேடிப் பார்த்துவிட்டுக் குனிந்தால், என் சுண்டுவிரல்தான் சூடான சால்டரிங் கம்பிமேல் கிடந்தது.

தொழுநோய் என்றார்கள். ஒரு வருடத்துக்கான மாத்திரை அட்டைகளை மாதம் ஒன்றாகக் கொடுத்தார்கள். ஒவ்வொரு அட்டையிலும் முதல் வேளையை நர்ஸ் எதிரிலேயே விழுங்க வேண்டும், அன்று சிறுநீர் சிவப்பாகப் போகும். மற்றதை வீட்டில் தினமும் சாப்பிட வேண்டும். சில மாதங்களில் அந்த மருந்தால் உடம்பே கறுத்தது. மருந்து தொடங்கியாயிற்று, இனி யாருக்கும் தொற்றாது என்று என் மனைவிக்கு எடுத்துச் சொன்னார்கள். அவள் நம்பினாள். கடைக்கு வருகிறவர்கள்தான் நான் கொடுக்கும் டீயை வேண்டாம் என்றார்கள். இதற்கிடையில் கடையைத் தனக்கு விட்டுவிடும்படி ஒருவர் கேட்டுக்கொண்டே இருந்தார். மாத்திரை முடியட்டும், விரல் வந்துவிடும், அப்புறம் பேசலாம் என்று தட்டிக்கழித்து வந்தேன். பரீட்சைக்குப் போனபோது கடைசி அட்டை ஓடிக்கொண்டிருந்தது.

நோயின் பெயரைப் பரீட்சைக்கு வருகிறவரிடம் சொல்லக்கூடாது என்பது அங்கே எங்களுக்கு இட்ட கட்டளை. என்னிடம் வந்த பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். கண்ணை மூடச் சொல்லித் தேமல்களைப் பஞ்சால் தொட்டார், ஒன்றிலும் எனக்குத் தெரியவில்லை. முழங்கைக்குப் பின்னால் தடித்திருந்த நரம்பை உருட்டிப் பார்த்தபோது வலிக்கிறதா என்று என் முகத்தையே பார்த்தார். முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கத்து நரம்பையும் அப்படியே பார்த்தார். பிறகு சுண்டுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் ஒரு காகிதத்தை வைத்து இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தேன். அவர் இழுக்கக்கூட இல்லை, தொட்டதும் வந்துவிட்டது.

பரீட்சை வைப்பவர் வருவதற்குள் நான் கேட்டுவிட்டேன். "டாக்டரம்மா, இந்த விரலு பழையபடி வந்துருங்களா?"

"வந்துரும்ணா. மாத்திரைய மட்டும் விட்றாதீங்க."

வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

பரீட்சை வைப்பவர் வந்தார். கேள்வியும் பதிலும் இங்கிலீஷில் நடந்தன. ஐ.டி.ஐ. படித்தவன் நான், பேச வராதே தவிர ஓரளவு புரியும். தோலைக் கீறிச் சாறு எடுத்துப் பார்த்ததில் கிருமி தெரியவில்லையே, ஆறு மாத மருந்து போதாதா என்று அவர் மடக்கினார். போதாது, தேமல் ஐந்துக்கு மேல் இருக்கிறது, ஒன்றுக்கு மேற்பட்ட நரம்பும் கெட்டிருக்கிறது, அதனால் இது கிருமி அதிகமுள்ள வகையில்தான் சேரும், பன்னிரண்டு மாதம் தர வேண்டும் என்று அந்தப் பெண் பிசகாமல் சொன்னார். எனக்கே பெருமையாக இருந்தது.

மருந்து முடிந்ததும் இந்தக் கை பழையபடி திரும்பிவிடுமா என்று பரீட்சை வைப்பவர் அடுத்துக் கேட்டார். அந்தப் பெண் ஒரு நொடி என்னைப் பார்த்தார், பிறகு பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். திரும்பாது என்றார். இந்த மாத்திரை கிருமியைக் கொல்லும், நரம்பைச் சரிசெய்யாது. பலம் குறைந்து ஆறு மாதத்துக்குள் வந்திருந்தால் ஸ்டீராய்டு கொடுத்துப் பார்த்திருக்கலாம், இவருக்கு இரண்டு வருடம் ஆகிவிட்டது. மடங்கும் விரலை ஆபரேஷன் செய்து ஓரளவு நிமிர்த்தலாம், உணர்ச்சி வராது.

"கரெக்ட்," என்றார் அவர். என் தோளில் தட்டி நன்றி சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

அந்தப் பெண் மட்டும் தயங்கி நின்றார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. என்னை நினைத்துத்தான் அழுகை அழுகையாக வந்தது.

"நல்லா சொன்னீங்க, போங்க. பாஸாயிடுவீங்க," என்றேன்.

வராந்தாவுக்கு வந்து மனைவிக்குப் போன் செய்தேன். கடையைக் கேட்டவரிடம், சாயங்காலம் வந்து சாவியை வாங்கிக்கொள்ளச் சொல் என்றேன். ஏன், டாக்டர் என்ன சொன்னார் என்று பதறினாள்.

"எங்கிட்ட யாரும் ஒண்ணும் சொல்லல," என்றேன்.