அத்தைக்கு வந்த அட்டைகளும் அப்பாவின் குரலும்

சாகக் கிடப்பவர்களுக்கு என்ன எழுதி அனுப்புவது என்று எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது. செத்த பிறகு செய்ய வேண்டியது எல்லாம் அத்துப்படி. யார் கேதம் சொல்லப் போவது, தப்பு அடிக்க யாரைக் கூப்பிடுவது, ஒப்பாரியை யார் தொடங்குவது, எல்லாம் ஒருவர் சொல்லாமலே நடக்கும். அதற்கு முந்திய நாட்களுக்குத்தான் வழக்கம் என்று ஒன்று இல்லை. அந்தக் குறையின் முழுப் பலனையும் அனுபவித்தவள் என் அத்தை. எனக்கு அப்போது பத்து வயது.

அத்தை அப்பாவின் அக்கா. கல்யாணம் கட்டவில்லை, தாய் தகப்பன் போன பிறகு அப்பாவை வளர்த்து ஆளாக்கியதே அவள்தான். டயகமப் பக்கம் எங்கள் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் ஆயம்மாவாக இருந்தாள். அம்மாமார் கொழுந்தெடுக்க மலைக்குப் போனால் கைக்குழந்தைகள் எல்லாம் அவள் பொறுப்பு. அவளிடம் கிள்ளு வாங்காத இளவட்டம் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் கிடையாது. அதில் பாதிப்பேர் இப்போது கொழும்பில் கடைகளிலும் வெளிநாட்டில் வீடுகளிலும் வேலை செய்தார்கள்.

அவள் வயிற்றில் கட்டி. கொழும்பு ஆஸ்பத்திரியில் இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அப்பா எல்லாருக்கும் ஒரே கட்டளை போட்டார்: அக்காவுக்குத் தெரியக் கூடாது. அத்தைக்கோ அந்த டாக்டரின் முகத்தைப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது. அப்பா பாவம் என்று தெரியாததுபோல் கிடந்தாள்.

செய்தி பரவியதும் அட்டைகள் வரத் தொடங்கின. அட்டன் டவுனுக்குப் போகிறவர்கள் பூப்படம் போட்ட அட்டை வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். தூரத்தில் இருப்பவர்கள் அம்மாவின் போனுக்குக் குரல் பதிவு செய்து அனுப்பினார்கள். எங்கள் லயத்தில் சிக்னல் கிடையாது. பள்ளிக்கூடம் விட்டதும் நான் போனைத் தூக்கிக்கொண்டு மேலே பிள்ளையார் கோயில் வளைவுக்கு ஏறுவேன். அங்கே வந்து விழுந்ததை எல்லாம் வாங்கிக்கொண்டு இறங்கி வந்து, அத்தையின் தலைமாட்டில் உட்கார்ந்து போட்டுக் காட்டுவேன். அட்டைகளை வாசிப்பதும் நான்தான். அப்போது எனக்கு இருந்த கெத்து இன்றுவரை எந்த வேலையிலும் வந்ததில்லை.

அத்தையைத் திருப்திப்படுத்துவது லேசுப்பட்ட காரியமா என்ன! "விரைவில் குணமடைந்து எழுந்து வாருங்கள்" என்று ஓர் அட்டையை வாசித்தேன்.

"டாக்டரே கைய விரிச்சிட்டாரு, இவரு எந்திரிச்சு வரச் சொல்றாராக்கும்," என்றாள். "எந்திரிக்காட்டி என் தப்புன்னு ஆயிரும்ல. அடுத்தத எடு."

கொழும்பிலிருந்து ஒருத்தி அழுதுகொண்டே, "ஆயம்மா, நீங்க எவ்வளவு நல்லவங்களா இருந்தீங்க," என்று பேசியிருந்தாள்.

"இருந்தீங்களாமே! அடி பாவி, இன்னும் இருக்கேன்டி!"

"எதாச்சும் தேவைன்னா சொல்லுங்க ஆயம்மா" என்றவர்கள்தான் அதிகம். அதைக் கேட்டாலே அத்தைக்குச் சலிப்பு. என்ன தேவை என்று யோசித்து, யாரிடம் கேட்கலாம் என்று யோசித்து, அதைச் சொல்லி அனுப்புகிற வேலையும் படுத்துக் கிடக்கிறவள் தலையில்தானா என்பாள். "கேட்டதும் பதில் போடுங்க" என்று முடித்த ஒருவனுக்கு அவள் கொடுத்த பதிலை இங்கே எழுத முடியாது.

ஒரு நாள் ஓர் அட்டையில் தொட்டில் படம் இருந்தது. ஆயம்மாவுக்குப் பொருத்தமாக இருக்கும் என்று யாரோ பார்த்து வாங்கியிருக்கிறார்கள். உள்ளே இங்கிலீஷில் அச்சடித்திருந்ததை எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். "அத்தை, பிள்ளை பிறந்ததுக்கு வாழ்த்துக்கள்னு போட்டிருக்கு."

அத்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வலித்தும் நிறுத்த முடியவில்லை. சிரிப்பு அடங்கியதும் போனைக் கேட்டாள். "புள்ள, இதுல நான் பேசி எல்லாருக்கும் அனுப்பலாமா?"

பிடித்துக் காட்டினேன். மூச்சு வாங்க வாங்கப் பேசினாள்.

"ஆயம்மா பேசுறேன். நான் பொழைக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும், யாரும் மறைக்க வேணாம். பதில் பேச எனக்கு மூச்சு இல்ல, அதனால கேள்வி கேக்காதீங்க. ஒப்பாரில சொல்லலாம்னு வச்சிருக்கிறத இப்பவே சொல்லுங்க. அப்ப எனக்குக் கேக்காதுல்ல."

நான் வளைவுக்கு ஓடிப்போய் அனுப்பினேன். ஃபேக்டரியில் சிக்னல் உண்டு. அங்கே வேலையில் இருந்த அப்பாவுக்கும் அது போய்ச் சேர்ந்தது. அன்று வீட்டுக்கு வந்தவர் அத்தையின் பக்கம் திரும்பாமலே சாப்பிட்டுவிட்டுப் படுத்தார்.

அதன் பிறகு வந்த செய்திகளே வேறு. குவைத்தில் வீட்டு வேலைக்குப் போன ஒருத்தி, "ஆயம்மா, அம்மா மலைக்குப் போறப்ப உங்க கையக் கடிச்சு வச்சேன்ல, தழும்பு இன்னும் இருக்கா? இங்க இந்த வீட்டுப் புள்ள என்னயக் கடிக்குது. உங்க ஞாபகம் வந்து நான் அடிக்கல," என்றாள். அத்தை மணிக்கட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தழும்பு இருந்தது. இன்னொருவன், "சனிக்கிழமை வெறகு கொண்டாந்து போட்டுட்டுப் போறேன், நீங்க பேச வேணாம்," என்றான். அதேபோல் போட்டுவிட்டு, வாசலில் நின்று கும்பிட்டுவிட்டுப் போனான். சிலர் பழைய கதை ஒன்றைச் சொல்லி, "ரொம்ப நன்றி ஆயம்மா, பதில் வேணாம்" என்று முடித்தார்கள். அத்தைக்கு அவை போதுமாயிருந்தன.

ஆனாலும் ஒவ்வொரு நாளும் கடைசியில் ஒன்று கேட்பாள்.

"உங்கப்பன் ஒண்ணும் அனுப்பலியா?"

எனக்குச் சிரிப்பு வரும். பக்கத்துக் காம்பராவில் படுக்கிறவர் எதற்குப் போனில் பேச வேண்டும்? அத்தை சிரிக்கமாட்டாள். "அவன் நேர்ல பேச மாட்டான் புள்ள. சின்னதுலயே அப்படித்தான்," என்பாள். அதற்குள் அவளுக்குக் கஞ்சியும் இறங்கவில்லை. வலி வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு, "தம்பி தனியாப் போயிருவானே" என்று முனகுவாள்.

ஒரு மழை நாளில் அப்பாவின் படத்தோடு ஒரு குரல் வந்து விழுந்தது. தாவிக் குதித்து இறங்கி வந்து போட்டேன். முதலில் ஃபேக்டரி மெஷின் சத்தம் மட்டும் ஓடியது. பிறகு அப்பா.

"அக்கா... நான் நல்லா இருக்கேன். இவங்கள எல்லாம் நான் பாத்துக்குறேன். எனக்காக இழுத்துப் புடிச்சுக்கிட்டு இருக்க வேணாம். நீ போக்கா."

ஊரே இருங்க இருங்க என்று கெஞ்சும்போது சொந்தத் தம்பி போகச் சொல்கிறார்! நான் போனைப் பிடுங்கப் போனேன். அத்தை விடவில்லை. "இன்னொரு தடவ போடு," என்றாள். போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். கண்ணோரத்தில் நீர் இறங்கியது, முகம் மட்டும் தளர்ந்து அமைதியாயிருந்தது. "உங்கப்பன் வந்ததும் தேத்தண்ணி ஊத்திக் குடு, நனைஞ்சு வருவான்," என்றாள்.

நான் கொடுக்கவில்லை. அம்மா கொடுத்தாள். அப்பா கிளாஸை வாங்கிக்கொண்டு நேராக அத்தையின் தலைமாட்டுக்குப் போய் உட்கார்ந்தார்.

அந்த வாரத்திலேயே அத்தை போய்விட்டாள். கேதம் சொன்னார்கள், தப்பு அடித்தார்கள், எல்லாம் முறைப்படி நடந்தது. ஒப்பாரி வைத்தவர்களுக்குத்தான் புதிதாகச் சொல்ல அதிகம் இருக்கவில்லை. நான் அப்பாவின் பக்கத்தில்கூட நிற்கவில்லை. இவர் போகச் சொன்னதால்தான் போனாள் என்று நெஞ்சு கொதித்தது.

காரியம் முடிந்த பிறகு, கோபத்தில், அந்தக் குரலை இன்னொரு முறை கேட்பதற்காக அம்மாவின் போனைத் திறந்தேன். அதற்கு மேலே, நான் அதுவரை கவனிக்காத, அப்பா அனுப்பிய வேறு செய்திகளும் வரிசையாக இருந்தன. ஆனால் ஒவ்வொன்றின் இடத்திலும் ஒரே வரிதான்: இந்தச் செய்தி அழிக்கப்பட்டது. விரலால் தள்ளத் தள்ள, ஒரு நாளும் விடாமல், அத்தை எல்லாருக்கும் பேசி அனுப்பிய அந்த நாள்வரைக்கும் அது போய்க்கொண்டே இருந்தது.

இதைவிட மோசமாக ஏதோ சொல்லித்தான் அழித்திருக்கிறார் என்று அந்தப் பத்து வயதில் நினைத்தேன். போனை அணைத்து வைத்துவிட்டு, அப்பாவோடு பேசாமலே போய்ப் படுத்தேன்.