இரண்டாம் மட்டத்திலிருந்து இறக்கிய கதை

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கூலிக்கு ஒற்றைத் தறியில் உட்கார்ந்தவன். அந்தத் தறியை விலைக்கு வாங்கினேன். பிறகு நாற்பது தறி ஆக்கினேன். சாயத்துக்கு வெளியே போய்க் காத்துக்கிடக்க முடியாது என்று சொந்தமாகச் சாயப்பட்டறை போட்டேன். கிணற்று நீர் உப்பு என்று சிரித்தவர்கள் எதிரிலேயே நல்ல தண்ணீர் கொண்டுவந்தேன். ஆரணியில் பட்டு விற்றவர்கள் பலர் உண்டு. சென்னையிலிருந்து ஏற்றுமதிக்காரர்கள் வீடு தேடி வந்தது என்னிடம்தான். கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த ஒருவன் இத்தனையும் செய்தான். யாருடைய உதவியும் இல்லாமல் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டும் இருந்தேன்.

அது பொய். உதவி இருந்தது. அதில் ஒன்று எங்கள் செக்கிங் அம்மா.

கணவரை இழந்தவர், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். தறியிலிருந்து இறங்கும் ஒவ்வொரு புடவையையும் வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பார். ஈரமான வெள்ளைத் துணியை பார்டரில் தேய்ப்பார். துணியில் சாயம் ஒட்டினால் அந்தப் புடவை அன்றைக்கு வாசலைத் தாண்டாது. அவர் முத்திரை குத்திய அட்டை இல்லாமல் எதுவும் வெளியே போகாது. யார் சொன்னாலும் கேட்க மாட்டார். என்னிடம் மட்டும்தான் பதில் சொல்வார். அந்த ஏற்பாட்டைச் செய்ததும் நான்தான். உற்பத்தியைப் பார்க்கிறவரே தரத்தையும் பார்த்தால், அவசரத்தில் கண் மூடிக்கொள்ளும் என்று எனக்குத் தெரியும். உற்பத்தியைப் பார்த்தவர் என் மாப்பிள்ளை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு வருடம். சென்னைக் கம்பெனி ஒன்று பெரிய ஆர்டர் தருவதாகச் சொல்லி, எங்கள் தொழிலைப் பற்றி ஸ்லைடு போட்டு அனுப்பச் சொன்னது. யார் யாருக்குக் கீழே என்று காட்டும் படமும் அதில் வேண்டுமாம். எங்கள் டிசைன்காரர் பூவேலைக்குக் கட்டம் போடும் கிராஃப் தாளிலேயே அதை வரைந்தார். மேலே நான். அடுத்த வரிசையில் மூன்று கட்டம்: உற்பத்திக்கு மாப்பிள்ளை, கணக்குக்கு என் தம்பி, செக்கிங் அம்மா. மாப்பிள்ளைக்குக் கீழே சாய மேஸ்திரி, தறி மேஸ்திரி, டிசைன்காரர். அவர்களுக்கும் கீழே நெய்கிறவர்கள், சாயம் முக்குகிறவர்கள். கட்டத்துக்குக் கட்டம் நூல் பிடித்த மாதிரி கோடு. பஸ் ஸ்டாண்டு பக்கம் டைப்ரைட்டிங் சென்டர் நடத்திப் பிறகு கம்ப்யூட்டர் வைத்த மாஸ்டர், அதை ஸ்கேன் செய்து ஸ்லைடில் ஒட்டினார்.

இரண்டு நாளில் சென்னையிலிருந்து போன். படங்களின் கனத்தை மெயில் தாங்கவில்லையாம். படங்களை எடுத்துவிட்டுத்தான் திறந்தார்களாம். அந்த ஸ்லைடில் தலைப்பு மட்டும் இருக்கிறது, கீழே வெறுமை. படம் வேண்டாம், எழுத்திலேயே எழுதி அனுப்புங்கள் என்றார்கள்.

நானும் மாப்பிள்ளையும் சென்டருக்குப் போனோம். மாஸ்டர் எனக்கு விளக்கினார்.

"படமா இருந்தா கோடு எங்க போவுதுன்னு பாக்கறவங்களே பாத்துக்குவாங்க. எழுத்துல நாம சொன்னாத்தாங்க உண்டு. மொதல்ல மொத்தம் எத்தினி மட்டம்னு சொல்லணும். அப்புறம் மேலேர்ந்து ஒவ்வொரு மட்டமா, யாரு இருக்காங்க, யாருக்குப் பதில் சொல்றாங்கன்னு விடாம எழுதணும். ஆளை விட்டா படிக்கறவனுக்கு அந்த ஆளே கெடையாது."

தட்டிக்கொண்டே வாய்விட்டும் படித்தார். மொத்தம் நான்கு மட்டம். முதல் மட்டம்: உரிமையாளர். இரண்டாம் மட்டம்: உரிமையாளருக்கு நேரடியாகப் பதில் சொல்பவர்கள், மூன்று பேர்.

"உற்பத்தி, கணக்கு, அப்புறம் செக்கிங். சரிங்களா?"

மாப்பிள்ளை கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். தலையைத் திருப்பாமல் சிரித்தார். "செக்கிங்கம்மாவும் நானும் ஒரே மட்டமா, மாமா? படத்துல பாத்தேன், சும்மா அழகுக்குப் போட்டிருக்காங்கன்னு நெனச்சேன்."

தறித்தெருவில் மாப்பிள்ளைக்கு முன்னால் மாமனார் நாற்காலியில் சாய்ந்துகூட உட்கார மாட்டான். படத்தில் பக்கத்துப் பக்கத்துக் கட்டம் கண்ணை உறுத்தவில்லை. மாஸ்டர் அதையே வாய்விட்டுப் படித்தபோது, கூலி வாங்குகிற ஒரு பெண்ணோடு அவரை நிறுத்திவிட்டது போலிருந்தது. கல்யாணமாகி இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. என் மகள் முகம் நினைவுக்கு வந்தது.

"ரெண்டு பேருதான் மாஸ்டர். செக்கிங்கை மூணாவதுல போடுங்க. உற்பத்திக்குக் கீழ."

மாஸ்டர் கையை எடுத்தார். "நான் ஸ்கேன் பண்ணப்ப கோடு நேரா உங்ககிட்டதாங்க வந்துச்சு."

"எடம் பத்தாம மேல போட்டுட்டாரு டிசைன்காரரு. போடுங்க."

அவர் மாற்றித் தட்டினார். மூன்றாம் மட்டம்: உற்பத்தி மேலாளருக்குப் பதில் சொல்பவர்கள், நான்கு பேர். சாய மேஸ்திரி, தறி மேஸ்திரி, டிசைனர், தரப் பரிசோதகர். ஒரு வரி மாறியது, அவ்வளவுதான். ஆர்டர் வந்தது. மாப்பிள்ளை அந்தத் தாளை இன்னொரு பிரதி எடுத்து ஆபீஸ் சுவரில் ஒட்டினார்.

அந்த ஆர்டரின் முதல் லாட்டிலேயே அரக்கு பார்டர் சாயம் விட்டது. செக்கிங் அம்மா அத்தனையையும் ஒதுக்கி வைத்தார். லாரிக்கு நேரமாகிறது என்று மாப்பிள்ளை வந்தார். நான் உள் அறையில் இருந்தேன். எல்லாம் காதில் விழுந்தது.

"முத்திரை குத்துங்கம்மா, ஜல்தி."

"வெள்ளைத் துணியப் பாருங்க தம்பி, ரத்தம் மாரி ஒட்டிகினு வருது. மொதலாளியக் கேட்டுக்கறேன்."

"மொதலாளியக் கேக்க நீங்க யாரு? செவுத்துல ஒட்டினு கீதே, படிச்சுப் பாருங்க. நீங்க எனக்குக் கீழ."

அவர் படிக்கத் தெரிந்தவர். படித்துவிட்டு என் அறைக்கு வந்தார்.

"ஐயா, டிசைன்காரரு வரைஞ்சப்ப நான் உங்களுக்கு நேர்கோட்டுல இருந்தேனே. இது யாரு எழுதனது?"

நான் எழுதச் சொன்னேன் என்று சொல்லியிருக்கலாம். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டிருக்கலாம். கதவருகே மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார்.

"சென்டர்ல போட்டதும்மா. இப்பக்கி அவரு சொல்றத கேளுங்க."

முத்திரைக் கட்டையை என் மேசைமேல் வைத்தார். "நான் குத்த மாட்டேங்கய்யா. குத்தறவங்க குத்திக்கட்டும்." செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அந்த லாட்டுக்கு முத்திரை குத்தியது மாப்பிள்ளை.

மூன்று வாரத்தில் புடவைகள் திரும்பி வந்தன. பரிசோதகர் எப்படி விட்டார் என்று சென்னையில் கேட்டார்கள். என் சார்பில் போன கடிதத்தில், பரிசோதகர் கவனக்குறைவு, அவரை நீக்கிவிட்டோம் என்று இருந்தது. மாஸ்டர் எனக்கு இரண்டு தடவை படித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.

ஆரணி சின்ன ஊர். செய்தி கடிதத்துக்கு முன்னால் ஓடியது. அவர் வேலை கேட்டுப் போன இடத்திலெல்லாம், "சாயம் விட்ட லாட்டை அனுப்பின அம்மா தானே?" என்றார்கள். அவர் களம்பூர் ரைஸ் மில்லில் அரிசி பொறுக்கும் வேலைக்குப் போனார். ஒரு நாள் பஸ்ஸில் பார்த்தேன். முன் சீட்டில் இருந்தார். எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். என்னால் உட்கார முடியவில்லை. நின்றே வந்தேன்.

பிறகு அவர் வீட்டுக்குப் போய்த் திரும்ப வரச் சொன்னேன். "வேலைக்கில்லீங்கய்யா. அந்த லாட்ட நான் விடலன்னு நாலு பேரு கேக்கச் சொல்லுங்க, போதும்" என்றார். சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. அதற்குள் மாப்பிள்ளை தொழிலில் பங்குதாரர் ஆகியிருந்தார்.

இன்றைக்கும் எங்கள் கம்பெனியில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அந்தக் கதையைத்தான் சொல்கிறார்கள்: பழைய செக்கிங் அம்மா அசந்துவிட்டார், ஜாக்கிரதையாக இருங்கள் என்று. தறி, பட்டறை, ஏற்றுமதி எல்லாவற்றுக்கும் கம்பெனியில் இருக்கிற நீங்கள் என் பேரைச் சொல்கிறீர்கள், மறுக்கவில்லை. இதிலும் என் பங்கை விடாதீர்கள். அந்த அம்மா லாட்டை நிறுத்தினார். அவரை மூன்றாம் மட்டத்தில் போடச் சொன்னவன் நான், கடிதத்தில் கையெழுத்துப் போட்டவன் நான். யாருக்கு அந்தக் கதையைச் சொன்னாலும், என் பேரைச் சேர்த்தே சொல்லுங்கள்.