சகலை வரைந்த ஸ்பிரிங்

அன்று பட்டறையின் கணினி அறையில் இருந்தவர்கள் நாங்கள் நான்கு பேர்: முதலாளி, தம்புள்ளையில் மிளகாய்த் தூள் பொட்டலம் போட்டு விற்கிற ஹாஜியார், நான், என் சகலை. சகலை என்றால் என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். அறை என்று நான் சொல்வது மரியாதைக்காக. மாத்தளை டவுனுக்கு வெளியே, லேத் மெஷின்கள் ஓடுகிற கூடத்தின் மூலையில் பலகை அடித்து மறைத்த இடம் அது. ஒரு மேசை, ஒரு கணினி, ஒரே ஒரு நாற்காலி. அந்த நாற்காலி என்னுடையது என்றுதான் அதுவரை எல்லோரும் நினைத்திருந்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் நினைத்துக்கொண்டே பயந்துகொண்டும் இருந்தேன். எனக்கு அப்படித்தான். கையில் இருப்பது எதுவோ, அதைப் பற்றித்தான் முதலில் பயம் வரும்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். லேத்தில் இரும்புத் தூளைக் கூட்டுகிற வேலையில் தொடங்கினேன். முதலாளி கணினி வாங்கி வைத்தபோது அதைத் தொட யாரும் இல்லை. போனில் வீடியோ பார்த்து நான் பழகினேன். அந்த மென்பொருளில் எல்லாம் ஆங்கிலம். எழுத்துக் கூட்டி வாசிக்க நேரமாகும் என்பதால் படங்களையே அடையாளம் வைத்துக்கொண்டேன். இந்தப் படத்தை அழுத்தினால் தட்டு தடிக்கும், அந்தப் படத்தை அழுத்தினால் துளை விழும். தட்டு, பிராக்கெட், உருளை எல்லாம் வரைந்துவிடுவேன். வரைபடத்துக்குச் சம்பளத்துக்கு மேலே தனியாகக் காசு உண்டு. அதைவிடப் பெரிது, மாமியார் வீட்டில் எனக்குக் கிடைத்த பெயர். "மூத்த மருமகன் கம்ப்யூட்டர்ல வேலை" என்று பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரி மாமியார் சொல்வார். கோழி சமைத்தால் பெரிய துண்டு என் தட்டுக்குத்தான் வரும்.

சகலை கட்டாரிலிருந்து திரும்பி வந்த பிறகு அந்தத் துண்டு இடம் மாறியது. அவன் அங்கே ஒரு இரும்புக் கம்பெனியில் வரைபடப் பிரிவில் இருந்தவன். மாமியாருக்குப் புதுப் போன் கொண்டுவந்து கொடுத்தான். எனக்கும் ஒரு கைக்கடிகாரம் தந்தான். அதை நான் கட்டவேயில்லை. முதலாளி அவனை மெஷின் பாகங்களைப் பொருத்துகிற பிட்டிங் வேலைக்குத்தான் எடுத்தார் என்றாலும், அவன் கூடத்திலிருந்து பலகை இடுக்கு வழியாக என் திரையைப் பார்க்கிறானோ என்று எனக்கு எந்நேரமும் முதுகு கூசும். அவன் பார்த்தானோ என்னவோ, நான் திரும்பிப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலி வந்ததுதான் மிச்சம்.

ஹாஜியார் வந்த காரியம் இது. நாங்கள் முன்பு செய்து கொடுத்த மெஷினில், பொட்டலத்தின் வாயைச் சூடாக்கி ஒட்டுகிற இரும்புச் சட்டத்தை இரண்டு ஸ்பிரிங்குகள் பின்னாலிருந்து தள்ளும். அந்த ஸ்பிரிங்குகள் சாய்ந்து நின்றதால் சட்டமும் சாய்ந்தது.

"ஒரு பக்கம் ஒட்டுது. மத்தப் பக்கம் வாயத் தொறந்துகிட்டு ஈக்கிது. கடைக்காரன் பாக்கெட்ட தூக்குறான், தூள் அவன் சட்டையில. எனக்கு ஏச்சு" என்றார் ஹாஜியார். இருக்கிறது என்பது அவர் வாயில் 'ஈக்கிது' என்றுதான் வரும். "இன்னும் ரெண்டு மெஷின் வேணும். ஆனா மொதல்ல ஸ்பிரிங் நேரா உக்கார்றத எனக்கு இந்தக் கம்ப்யூட்டர்ல காட்டுங்க. கண்ணால பாத்தாத்தான் அட்வான்ஸ்."

முதலாளி என்னைப் பார்த்தார். "காட்டுங்க தம்பி."

நான் ஏற்கெனவே வரைந்து வைத்திருந்ததைத் திறந்தேன். ஸ்பிரிங்கை வரைவது பார்க்கிற அளவுக்குக் கஷ்டமில்லை. கம்பியின் நடு ஓடுகிற பாதையை முதலில் ஒரு சுருள் கோடாகப் போட வேண்டும். அதன் தொடக்கப் புள்ளியில், கோட்டுக்குக் குறுக்காக ஒரு தளம் வைத்து, அதில் கம்பியின் தடிப்புக்கு ஒரு வட்டம். எங்கள் கம்பி நாலு மில்லிமீட்டர். பிறகு ஸ்வீப் படத்தை அழுத்தினால் அந்த வட்டம் கோடு போகிற வழியெல்லாம் ஓடிக் கம்பியாகிவிடும். இது எனக்குத் தெரியும். என் ஸ்பிரிங் பளபளவென்று சுழன்று நின்றது. நான் பெருமையாகத்தான் இருந்தேன்.

ஹாஜியார் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார். "இந்த முனை ஏன் தம்பி குச்சி மாதிரி நீட்டிக்கிட்டு ஈக்கிது? கம்பிய வெட்டுன இடம் அப்படியே வட்டமா தெரியுதே. இது தட்டுல ஒரு புள்ளியிலதானே நிக்கும்? போன தடவையும் இதுதானே நடந்தது?"

கீழிருந்து மேல்வரை ஒரே இடைவெளியில் ஓடுகிற சுருள் அது. முனையைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. "வெட்டி விட்டுட்டாச் சரி ஹாஜியார்" என்று சொல்லி, கோடு தொடங்குகிற மட்டத்தில் ஒரு தட்டையான வெட்டுப் போட்டேன். மேலேயும் ஒன்று. முனை தட்டையானது. ஆனால் எவ்வளவு? என் சுருள் ஒரு சுற்றுக்குள் மளமளவென்று மேலே ஏறிவிடுகிறது. வெட்டுப்பட்டது கால் சுற்றுகூட இல்லை. மூன்று பக்கம் காற்றில் நிற்க, ஒரு பக்கம் மட்டும் தட்டைத் தொட்டது.

"இது முக்காலியில ரெண்டு கால உடைச்ச மாதிரி" என்றார் ஹாஜியார். முதலாளி சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது.

அப்போதுதான் சகலை, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, "அண்ணே, நான் ஒருக்கா பாக்கட்டுமா?" என்றான். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? எழுந்தேன். நாற்காலியின் சூடுகூட ஆறியிருக்காது, அவன் உட்கார்ந்துவிட்டான்.

என் கோப்பை அவன் அழிக்கவில்லை. பக்கத்தில் புதிதாக ஒன்று திறந்தான். அந்தப் பெருந்தன்மை எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. சுருள் கோட்டைப் போடும்போது ஒரே இடைவெளி என்பதை விட்டுவிட்டு, இடைவெளி மாறுகிற வகையைத் தேர்ந்தான். ஒரு சின்ன அட்டவணை வந்தது. எத்தனையாவது சுற்றில் எவ்வளவு இடைவெளி என்று அதில் நிரப்ப வேண்டும். எனக்கு அந்தப் படம் இருப்பது தெரியும். அழுத்திப் பார்த்ததில்லை.

"கீழ ஒரு சுத்து, மேல ஒரு சுத்து, கம்பி மேல கம்பி படுத்திருக்கணும் ஹாஜியார்" என்று சொல்லிக்கொண்டே தட்டினான். "அது ரெண்டும் தள்ளுற சுத்து இல்ல, உக்கார்ற சுத்து. நடுவுல ஆறு சுத்துத்தான் வேலை செய்யும். மொத்தம் எட்டு."

முனைச் சுற்றுகளுக்கு இடைவெளி நாலு என்று போட்டான். கம்பியின் தடிப்பும் நாலுதான். ஸ்வீப் அழுத்தினான். சிவப்பில் ஒரு செய்தி வந்தது, ஸ்பிரிங் வரவில்லை. ஒரு நிமிடம் எனக்கு நெஞ்சு நிறைந்து போனது. மறைப்பதற்கு இருமினேன்.

"ஆ, தொட்டுக்கிச்சு" என்றான் அவன் சாதாரணமாக. "கம்பி கம்பிய அப்படியே தொட்டா இதுக்குப் புடிக்காது. மயிரிழை விடணும்." நாலை நாலு புள்ளி பூஜ்யம் ஐந்து ஆக்கினான். ஸ்பிரிங் வந்தது. முனையில் கம்பி கம்பியோடு ஒட்டிப் படுத்து, மெல்ல விரிந்து, நடுவில் அகன்று, திரும்பவும் ஒடுங்கி முடிந்தது. கடையில் வாங்குகிற ஸ்பிரிங் போலவே இருந்தது. அழகாக இருந்தது என்பதை இப்போது எழுதலாம். அப்போது எனக்கு வயிறு எரிந்தது.

பிறகு வெட்டு. முதலில் நான் போட்ட அதே மட்டத்தில்தான் போட்டான். இந்தத் தடவை அரைச் சுற்று தட்டையானது. போதாது என்று வெட்டுத் தளத்தை ஒரு மில்லி உள்ளே நகர்த்தினான். முனை ஒரு மில்லித் தடிப்புக்கு மெலிந்தது. தட்டை முக்கால் சுற்றுக்கு ஓடியது. மேல் முனையிலும் அப்படியே செய்தான். மெஷினில் ஸ்பிரிங் உட்கார்கிற கிண்ணத்தின் படத்தில் சுருளை இறக்கி, குறுக்காக வெட்டிக் காட்டினான். ஆடாமல் நின்றது.

"மாஷா அல்லாஹ்" என்றார் ஹாஜியார்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குள்ளே ஏதோ கிறுக்குப் பிடித்தது. எங்கேயாவது ஒரு ஓட்டை இருக்க வேண்டும் என்று திரையையே பார்த்தேன். ஸ்பிரிங்கின் நீளம் அறுபத்தெட்டு மில்லி இருக்க வேண்டும், அது ஹாஜியாரின் மெஷினிலிருந்து நான் என் கையாலேயே அளந்து எழுதியது. இரண்டு முனையிலும் ஒவ்வொரு மில்லி கூடுதலாக வெட்டியிருக்கிறானே.

"சகல, நீளத்த ஒருக்கா அளந்து பாருங்க" என்றேன். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பாடுபட்டேன்.

அளந்தான். அறுபத்தாறு.

"ரெண்டு மில்லி கொறையுது" என்றேன். "அப்பறம் சட்டத்த யாரு தள்ளுறது?"

முதலாளியின் புருவம் ஏறியது. ஹாஜியார் கண்ணாடியைக் கழற்றினார். என் வாழ்க்கையில் அவ்வளவு இனிப்பான இரண்டு மில்லியை நான் கண்டதில்லை.

"அட, ஆமாண்ணே. நல்ல வேளை சொன்னீங்க" என்றான் சகலை. முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லை. அட்டவணையைத் திறந்து நடுச் சுற்றுகளின் இடைவெளியைக் கொஞ்சம் கூட்டினான். கோட்டின் உயரம் எழுபதானது. வெட்டுப் போக ஸ்பிரிங் அறுபத்தெட்டு. ஸ்வீப், வெட்டு, கிண்ணம் எல்லாம் தானாகவே திரும்ப வந்து உட்கார்ந்தன. நான் ஒரு வாய் பிளேன்டீ குடித்து முடிப்பதற்குள் எல்லாம் ஆகிவிட்டது.

"முழுசா அமுக்குனா?" என்று கேட்டார் ஹாஜியார்.

"எட்டு சுத்து, நாலு மில்லி. முப்பத்திரண்டுல முட்டும். உங்க மெஷின் நாப்பத்தஞ்சுக்குக் கீழ போகாது. அண்ணன் அளந்து வச்சிருக்காரு" என்று என்னைக் காட்டினான். பெருமையில் எனக்கும் ஒரு பங்கு தருகிறானாம். அவன் என்னைத் திட்டியிருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

ஹாஜியார் அங்கேயே அட்வான்சை எண்ணி வைத்தார். முதலாளி பணத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்: "இனிமே அசையிற சாமானெல்லாம் சின்னவரு வரையட்டும். தட்டு, பிராக்கெட், அளவு பாக்குறது பெரியவரு. நாற்காலிய காலையில ஒருத்தர், பின்னேரம் ஒருத்தர். ஹரிதானே?"

சிங்களத்தில் சரி என்பதற்கு ஹரி. நானும் "ஹரி" என்றேன். காலை எனக்கு என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். அதிலும் ஒரு வீம்பு. அப்புறம் பார்த்தால், வாடிக்கையாளர் எல்லாம் பின்னேரத்தில்தான் வருகிறார்கள்.

அன்று வீட்டுக்கு வந்து மனைவியிடம், "உன் தங்கச்சி புருஷன் ரெண்டு மில்லி தப்பா வரைஞ்சான், நான்தான் புடிச்சேன்" என்றேன். அவள் அரிசி களைந்துகொண்டே, "தங்கச்சி போன்ல சொன்னா. நீங்க ஒதவி பண்ணுனீங்கன்னு அவரு சந்தோசப்பட்டாராம்" என்றாள். கோபப்பட ஒரு இடம்கூட விட்டுவைக்காத மனிதன்.

கொழும்பில் சுருட்டிய ஸ்பிரிங்குகள் வந்தபோது முதலில் எடுத்து அளந்தவன் நான்தான். சாய்ந்து விழாதா என்ற ஆசையோடு இரும்புத் தட்டில் நிறுத்தினேன். விழவில்லை. நீளம் அறுபத்தெட்டு. என் கையே அளந்து சரி என்று சொல்ல வேண்டியதாயிற்று. மெஷின்கள் தம்புள்ளைக்குப் போயின. பொட்டலங்கள் இரண்டு பக்கமும் ஒட்டுகின்றனவாம். ஹாஜியார் போன் பண்ணினால் இப்போது, "சின்னவரு ஈக்கிறாரா?" என்றுதான் கேட்கிறார்.

அந்த வரைபடக் கூலியை இரண்டு பேருக்கும் பாதிப் பாதி என்று முதலாளி சொன்னார். ஹாஜியாரின் முழுப் பணமும் வந்தாயிற்று. சகலைக்கு அவன் பங்கு போன வாரமே கிடைத்துவிட்டதாக மனைவி அவள் தங்கையிடம் கேட்டு வந்து சொன்னாள். நான் போய்க் கேட்கவில்லை. கேட்டால் நாற்காலியின் காலைப் பொழுதும் போய்விடுமோ என்று ஒரு பயம். எனக்கு வரவேண்டியது இன்னும் ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய்.