கேதரினின் அளவுகளும் ராத்திரி பேக்கப்பும்

செமிலிங் ஊரில் கேதரின் தைக்கிற பிளவுஸுக்கு வயிறு, தோள், கை எல்லாவற்றிலும் ஒரு நிம்மதி இருக்கும் என்று பெண்கள் சொல்வார்கள். சுங்கைப் பட்டாணியில் துணி கிலாங்கில், அதாவது ஆலையில், பதினொரு வருடம் மெஷின் ஓட்டியவர். கிலாங் மூடியதும் வீட்டு முன்னறையில் சொந்தத் தையல் ஆரம்பித்தார்.

அளவுகளை முதலில் நோட்டில் எழுதிவந்தார். ஒரு வெள்ளத்தில் நோட்டு ஊறிப்போனதிலிருந்து எல்லாம் ஐபோனில்தான். வாட்சாப்பில் தனக்குத்தானே செய்தி அனுப்பிக்கொள்ளும் பக்கத்தில் பெண்ணின் பெயரைத் தட்டிவிட்டு, டேப்பைப் பிடித்தபடியே அளவுகளைக் குரலில் சொல்லிவிடுவார். நாலு வருடத்து அளவுகள் அதில் இருந்தன.

அந்தச் சனிக்கிழமை காலை செர்டாங்குக்குப் போய், ஒரு கல்யாண வீட்டில் மூன்று பெண்களுக்கு அளவெடுத்து வந்திருந்தார். முந்தைய வாரமே அளவு கொடுத்த எட்டுப் பேரோடு சேர்த்துப் பதினொரு பிளவுஸ். கல்யாணத்துக்கு இன்னும் பத்து நாள். மத்தியானம் போனில் இடம் போதவில்லை என்று வந்ததும், காலை வணக்கப் படங்களால் நிறைந்த ஜெபக்குழுப் பக்கத்தைக் காலி செய்யப் பார்த்தார். விரல் அதற்குக் கீழே இருந்த பக்கத்தைத் தள்ளிவிட்டது. அவசரத்தில் பெயரைப் படிக்காமலே 'அழி' என்பதையும் அழுத்திவிட்டார். தன் பக்கம் வெறுமையாகக் கிடப்பதைப் பார்த்தபோதுதான் எதை அழித்தோம் என்று தெரிந்தது.

அடுத்தவருக்கு அனுப்பிய செய்தியானால் அவரிடமாவது இருக்கும். இது தனக்கே அனுப்பியது. யாரிடம் கேட்பது?

கணவர் ஜெரார்ட் போனை வாங்கி, பேக்கப் பக்கத்தைத் திறந்தார். பேக்கப் என்றால் போனதைக் கொண்டுவருவது என்பது அவர் எண்ணம். 'இப்போதே பேக்கப் செய்' என்ற வரிமேல் அவர் விரல் போகும் நேரத்தில், கேதரின் ஜெரார்டின் போனிலிருந்து, சுங்கைப் பட்டாணியில் ஹேண்ட்ஃபோன் கடை வைத்திருக்கும் லோகேஸ்வரியை அழைத்து நடப்பதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அக்கா, அத யாரும் அமுக்கக் கூடாது. அமுக்கினா இப்ப இருக்கிற காலிப் பக்கம்தான் மேல போய் உக்காரும். பழசு போயிரும் லா," என்றாள் லோகேஸ்வரி.

ஜெரார்ட் சூடு பட்டவர்போல விரலை எடுத்தார்.

கடைசி பேக்கப் எப்போது என்று அவள் பார்க்கச் சொன்னாள். அன்று விடியற்காலை இரண்டே முக்கால். கேதரின் தினமும் போனை சார்ஜில் போட்டுத் தூங்குவார். வீட்டு வைஃபையில் அது தானாக நடக்கும். இன்று ராத்திரியும் நடக்கும். அதற்குள் முடிக்க வேண்டும். தானாக நடப்பதை உடனே நிறுத்தவும், வைஃபையை அணைக்கவும், சார்ஜ் போடாமல் நேரே கடைக்கு வரவும் சொன்னாள்.

இருவரும் மோட்டார் சைக்கிளில் போய்ச் சேர்ந்தபோது மணி நாலரை. லோகேஸ்வரி ஒவ்வொன்றாய்ச் சரிபார்த்தாள். எண் அதே எண், சிம் உள்ளேயே இருக்கிறது, பேக்கப் போய்ச் சேரும் ஐகிளவுட் கணக்கும் அதேதான். பிறகு நிதானமாகச் சொன்னாள்:

"செயலிய எடுத்துட்டு மறுபடி போடப் போறேன். விடியற்காலை வரைக்கும் இருந்தது வரும். அதுக்கப்புறம் வந்தது எதுவும் வராது. இன்னிக்கு வந்ததுல முக்கியமானது இருந்தா முன்னாடியே படம் எடுத்துக்கணும்."

இன்றைய ஆர்டர் செய்திகளைத் திரையோடு படமெடுத்துக்கொண்டார்கள். காலையில் செர்டாங்கில் பதிந்த மூன்று பேர் அளவு மட்டும் போனது போனதுதான். "அவங்கள நாளைக்குப் போய்த் திரும்ப அளந்துக்கலாம். எடும்மா," என்றார் கேதரின்.

செயலி போயிற்று, திரும்ப வந்தது. குறுஞ்செய்தியில் வந்த எண்ணைப் போட்டதும் பழைய உரையாடல்களை மீட்கலாமா என்று கேட்டது. கடையின் வைஃபையில் கோடு நகர நகர ஜெரார்ட் ஜெபமாலையைப் பையிலிருந்து எடுத்துவிட்டார். முதலில் பெயர்கள் வந்தன. குரல்கள் பின்னால் ஒன்றிரண்டாக இறங்கின. மூன்று வருடத்துக்கு முன் பதிந்த ஒன்றை கேதரின் தட்டினார். "தோள் பதினாலு, கை பத்தரை, இருமாதீங்க," என்று அவர் குரலே கடைக்குள் கேட்டது. மூவரும் சிரித்தார்கள். எல்லாக் குரலும் இறங்கிய பிறகே லோகேஸ்வரி தானாக நடக்கும் பேக்கப்பைத் திரும்பத் திறந்துவிட்டாள்.

மறுநாள் பூசை முடிந்து ஜெரார்டின் காரில் செர்டாங் போனார்கள். மணப்பெண்ணின் பெரியம்மா வள்ளியம்மை மளிகைக்கடைக்காரர். முந்தின நாள் அளவெடுக்கும்போது மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றவர். இன்றைக்கு எல்லோரும் மதியச் சாப்பாட்டை அப்போதுதான் முடித்திருந்தார்கள். கேதரினுக்கு நினைவிருந்த முந்தின நாள் அளவைவிட டேப் ரெண்டு அங்குலம் கூடவே காட்டியது.

"நேத்து எடுத்தத வச்சே தச்சிருக்கலாமே மா," என்றார் வள்ளியம்மை.

"நேத்து எடுத்த அளவுக்கு நீங்க சாப்பிடவே கூடாது," என்றார் கேதரின்.

வள்ளியம்மை முதலில் முறைத்தார். பிறகு வயிற்றைத் தளர்த்தி விட்டு, இன்னும் அரை அங்குலம் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்.