கீயில் இல்லாத வர்க்கமூலம்

விடைக்குறிப்பு சரியாக இருக்கவேண்டும் என்று எந்த விதியும் சொல்வதில்லை. அதில் பாடக்குழுத் தலைவரின் கையெழுத்து இருக்கவேண்டும் என்றுதான் சொல்கிறது. இது எனக்கு நிச்சயமாகத் தெரியும். எங்கள் கல்லூரியின் தேர்வு விதிகளில் பாதியை எழுதியவன் நான். ஓய்வு பெறும்வரை கணிதப் பாடக்குழுவின் தலைவரும் நானே.

ஓய்வுக்கு முந்தைய ஏப்ரலில், முதுகலைக் கணிதத்தில் வரம்புறு உறுப்பு முறைத் தாளுக்குக் கேள்வியும், 'கீ' என்று நாங்கள் சொல்லும் விடைக்குறிப்பும் நான்தான் தயார் செய்தேன். 'தயார் செய்தேன்' என்பது மரியாதைக்குச் சொல்வது. கேள்வியை ஒரு பழைய தாளிலிருந்தும், கீயை என் பழைய வகுப்புக் குறிப்பிலிருந்தும் எடுத்தேன். பதினாறு மதிப்பெண் கேள்வி ஒன்று: சமச்சீரான இருநேரியல் வடிவத்துக்கு, காலர்கின் தீர்வின் சிறந்த தோராயப் பண்பை நிறுவி, அதிலிருந்து பிழை வரம்பைப் பெறுக.

கணிதம் தெரியாதவர்களும் இதைப் புரிந்துகொள்ளலாம். நான்கு பக்கமும் இழுத்துக் கட்டிய தார்ப்பாயின் மேல் மரவள்ளிக் கிழங்கைக் கொட்டினால் அது ஒரு வளைந்த வடிவத்தில் தொங்கும். அந்த வடிவம் நமக்குத் தெரியாது. தார்ப்பாயைச் சிறுசிறு முக்கோணங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றும் தட்டையாக இருப்பதாக வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறோம். தட்டை முக்கோணங்களால் வளைவை அப்படியே பிடிக்க முடியாது. காலர்கின் முறை, மிச்சமாகும் பிழையை அந்த முக்கோணக் கூட்டத்தால் ஆகும் எல்லா வடிவங்களுக்கும் செங்குத்தாக நிறுத்துகிறது. செங்குத்து என்பது இங்கே ஆற்றலை வைத்து அளப்பது. ஒரு புள்ளியிலிருந்து தரைக்குச் செங்குத்தாக இறக்கினால் கிடைப்பதுதானே தரையில் மிக அருகிலுள்ள இடம்? அதேபோல், அந்த அளவில் பார்த்தால், முக்கோணங்களால் செய்யக்கூடிய எல்லா வடிவங்களிலும் உண்மைக்கு மிக அருகில் இருப்பது காலர்கின் தீர்வு.

இதன் பயன் இனிமேல்தான். உண்மையான வடிவம் தெரியாது. ஆனாலும் பிழை எவ்வளவு என்று சொல்லிவிடலாம். கூட்டத்தில் எவரையும்விட நம் ஆள் மோசமில்லை என்று தெரிந்தபின், அளக்க வசதியான வேறொரு ஆளைப் பிடித்தால் போதும். முக்கோண முனைகளில் மட்டும் உண்மையைத் தொட்டு, இடையில் தட்டையாகப் போகும் வடிவம் அப்படிப்பட்ட ஆள். வளைவு போதிய அளவு வழவழப்பாக இருந்து, முக்கோணங்களும் ஊசியாக மெலியாமல் இருந்தால், அந்த ஆளின் சரிவுப் பிழை முக்கோணத்தின் அளவுக்கு விகிதமாகக் குறையும். அளவைப் பாதியாக்கினால் பிழையின் வரம்பும் பாதியாகும். காலர்கினுக்கும் அதே வரம்பு, முன்னால் ஒரு மாறிலிப் பெருக்கத்தோடு.

சண்டை அந்த மாறிலியில்தான். ஆற்றல் அளவிலிருந்து வழக்கமான அளவுக்கு வரும்போது இரண்டு எண்கள் நுழைகின்றன: மேல்வரம்பு எம், கீழ்வரம்பு ஆல்ஃபா. பொதுவான நிரூபணம், பிழையின் வர்க்கத்தில் தொடங்கி இருபுறமும் பிழையால் வகுத்து, 'எம் பை ஆல்ஃபா', அதாவது எம்மை ஆல்ஃபாவால் வகுத்தது, என்று முடியும். வடிவம் சமச்சீராக இருந்தால், செங்குத்துக்கோட்டு வழியிலேயே போய்க் கடைசியில் இருபுறமும் வர்க்கமூலம் எடுக்கலாம். எம் பை ஆல்ஃபாவின் வர்க்கமூலம் கிடைக்கும். அந்த விகிதம் நூறு என்றால், பொது நிரூபணம் அதிகபட்சம் நூறு மடங்கு என்கிறது, இரண்டாவது பத்து மடங்குக்கு மேல் போகாது என்கிறது. எம் ஒருபோதும் ஆல்ஃபாவைவிடச் சிறிதாகாது. ஆகவே இரண்டாவதை நிறுவியவர் முதலாவதையும் நிறுவிவிட்டார்.

என் கேள்வியில் 'சமச்சீரான' என்ற சொல் இருந்தது. என் கீயில் இருந்தது பொது நிரூபணம்.

திருத்தும் முகாமில், மதியம் மூன்று மணிவாக்கில், என் துறையில் எனக்கு அடுத்தபடியாக இருந்த பேராசிரியர் ஒரு விடைத்தாளோடு என் மேசைக்கு வந்தார். பெயர் மறைத்து, எண் மட்டும் போட்ட தாள்.

"சார், இங்க ஒருத்தர் ரூட்டு போட்டுக்கினு வந்துருக்காங்க. கீல ரூட்டு இல்ல."

"கீல இன்னா இருக்கு?"

"எம் பை ஆல்ஃபா."

"அப்போ?"

அவ்வளவுதான் சொன்னேன். கேள்விக்குறியோடுகூடிய ஒரே ஒரு சொல். வர்க்கமூலம் எங்கிருந்து வருகிறது என்று எனக்கு அந்தக் கணமே தெரிந்தது. கீயைத் திருத்துவதென்றால் நடைமுறை என்ன என்பதும் தெரியும்: தீர்மானம் எழுதி, எல்லாத் தேர்வாளர்களிடமும் கையொப்பம் வாங்கி, முடித்துக் கட்டிய கட்டுகளைப் பிரித்து மறுபடி பார்க்கவேண்டும். தேநீர் வந்தது. அவர் தம் இடத்துக்குப் போனார். நான் மதிப்பெண் பட்டியல்களில் பச்சை மையில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். அந்தத் தாளின் பட்டியலிலும் போட்டேன்.

ஓய்வு பெற்றபின் சங்கராபுரத்தில் இருக்கும் என் வீட்டுக்கு ஒரு பெண்மணி வந்தார். முப்பதைத் தாண்டியவர். கல்வராயன் மலையில் ஒரு பள்ளியில் தற்காலிக ஆசிரியை. வெள்ளிமலைக்கும் அப்பால் ஊர். அப்பாவுக்குக் கொஞ்சம் சாமை, கொஞ்சம் மரவள்ளி. எம்.எஸ்சி.யில் இந்த ஒரு தாள்தான் பாக்கி. அவர் பாடம் நடத்தும் அதே பள்ளியில் முதுகலை ஆசிரியர் பணியிடம் ஒன்று நிரந்தரமாக வந்திருந்தது. கடைசித் தேதிக்குள் பட்டம் கையில் இருந்தால் விண்ணப்பிக்கலாம். ஐந்து மதிப்பெண்ணில் தவறியிருந்தார். மறுமதிப்பீட்டிலும் 'மாற்றமில்லை' என்று வந்துவிட்டது.

பையிலிருந்து விடைத்தாளின் நகலை எடுத்து மேசையில் வைத்தார்.

"சார், இதுல நான் தப்பு பண்ணியிருந்தா சொல்லிடுங்க. நான் போயிடறேன்."

வாசித்தேன். பிழையின் செங்குத்துத் தன்மை, அதிலிருந்து வர்க்கங்களின் கூட்டல், கீழே ஆல்ஃபா, மேலே எம், வர்க்கமூலம், பிறகு முனைகளைத் தொடும் வடிவம், பிழை வரம்பு. ஒரு வரி கூடக் கூடுதலாக இல்லை. வர்க்கமூலக் குறியைச் சுற்றிச் சிவப்பு வட்டம். ஓரத்தில், 'இருபுறமும் வகுக்கவில்லை'. செங்குத்துத் தன்மைக்கு மட்டும் நான்கு மதிப்பெண். மாறிலி தவறு, அதனால் மீதியும் தவறு.

"சரியாத்தான் இருக்கு," என்றேன்.

"அப்ப கீ தப்புங்களா?"

"கீயும் சரிதான்."

"ரெண்டும் சரின்னா எனக்கு எப்டி சார் நாலு மார்க்கு?"

அவர் குரலை உயர்த்தவில்லை. பதில் வரும் என்று உண்மையாகவே எதிர்பார்த்தார். வகுப்பில் பிள்ளைகளிடமும் அப்படித்தான் கேட்பார் போலிருக்கிறது. கடைசித் தேதிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது என்றார். நான் எழுதித் தருகிறேன் என்றேன். முகாமில் நான் சொன்ன அந்த ஒரு சொல்லைப் பற்றி அவரிடம் வாய் திறக்கவில்லை.

இரண்டு பக்கக் கடிதம் எழுதினேன். கேள்வி சமச்சீர் வடிவத்தைக் கேட்டது, விடைக்குறிப்பு அதைவிடத் தளர்ந்த முடிவைத் தந்தது, மாணவியின் முடிவில் விடைக்குறிப்பின் முடிவு அடங்கியுள்ளது, ஆகவே பதினாறும் தரவேண்டும். மறுநாள் கள்ளக்குறிச்சிக்குப் பஸ் ஏறினேன். தேர்வுப் பிரிவுக் கண்காணிப்பாளர் எழுந்து நின்று நாற்காலி போட்டார். கடிதத்தை முழுக்கப் படித்தார். பிறகு விதிப் புத்தகத்தை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"கீ மேல ஆட்சேபணைன்னா, பதவில இருக்கற சேர்மன்தான் சார் குடுக்கணும். அதுவும் ரிசல்ட்டுக்கு முன்ன."

"யாருய்யா இப்டி எழுதினது?"

அவர் தலையைச் சொறிந்தார். "சார்... இது நீங்க எழுதினதுதான் சார்."

ஆமாம். எவரோ ஒருவர் ஒவ்வொரு முடிவுக்குப் பின்னும் மனு கொடுத்துக்கொண்டிருந்ததால், ஒரு வெள்ளிக்கிழமை மதியம் நான் எழுதிச் சேர்த்தது. மிகத் தெளிவான வாக்கியம். ஓர் ஓட்டையும் இல்லை.

புதிய தலைவரைப் பார்க்கப் போனேன். அவர்தான் முகாமில் என் மேசைக்கு வந்தவர்.

"இன்னா சார், ரிட்டயர் ஆயிட்டும் பேப்பர் திருத்திக்கினு இருக்கீங்க?" என்று சிரித்தார். கடிதத்தைப் படித்ததும் சிரிப்பு நின்றது. "கணக்கு கரெக்ட்டு சார். நான் இல்லன்னு சொல்லல. ஆனா விசேஷ அனுமதின்னு மேல அனுப்பணும்னா, நான் போட்ட மார்க்கு தப்புன்னு நானே எழுதணும்."

"எழுதுங்களேன்."

"உங்ககிட்ட காட்டினேனே சார் அன்னிக்கி. நீங்க 'அப்போ'ன்னுதான சொன்னீங்க?"

அவரைக் குறைசொல்ல எனக்கு வாய் இல்லை. இந்த நடைமுறைக்குள் எது சாத்தியமோ அதில் சிறந்ததைத்தான் நாங்கள் எல்லோரும் செய்துகொண்டிருந்தோம். முக்கோணத்துக்குள் வளைவு அடங்காது என்பதை நான் முப்பது வருஷம் பாடமாக நடத்தியிருக்கிறேன். கடிதத்தை என் பெயரிலேயே தேர்வுப் பிரிவில் கொடுத்துவிட்டு வந்தேன்; பத்து நாளில் அது 'பரிசீலிக்க இயலாது' என்ற முத்திரையோடு திரும்பி வந்தது. கடைசித் தேதி அதற்கு முன்பே போய்விட்டது.

நவம்பரில் அந்த ஆசிரியை மறுபடி தேர்வு எழுதினார். அதே கேள்வி மறுபடி வந்தது. புதுக் கேள்வி எழுத எங்கள் துறையில் யாருக்கும் நேரம் கிடையாது. ரிசல்ட் வந்த சில நாளில் கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில், மலைக்குப் போகும் பஸ்ஸின் பக்கத்தில் அவரைப் பார்த்தேன். கையில் சான்றிதழ் உறை.

"பாஸ் சார். அந்தக் கேள்விக்கு பதினாறுக்குப் பதினாறு."

"ரூட்டுக்குக் குடுத்தாங்களா?"

"இல்ல சார். இந்த வாட்டி வகுத்துட்டேன்."

அவரே தொடர்ந்தார். "ரூட்டு போட்டா மறுபடியும் மலைலருந்து எறங்கி வரணும் சார். லீவு போட முடியல."

பணியிடம் என்னவாயிற்று என்று கேட்டேன். நைனார்பாளையத்துப் பக்கத்து ஆள் ஒருவர் சேர்ந்துவிட்டாராம். கணிதத்தில் கொஞ்சம் தடுமாறுகிறாராம். "பிளஸ் டூ பாடத்துக்கு நான்தான் சார் நோட்ஸ் எழுதித் தர்றேன். நல்ல மனுஷன்." அவர் இன்னும் தற்காலிக ஆசிரியைதான். அடுத்த பணியிடம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

அப்போதுதான் முகாமில் நடந்ததைச் சொன்னேன். அந்தத் தாளை என்னிடம் காட்டினார்கள் என்றும், நான் என்ன சொன்னேன் என்றும். சொல்லி முடிப்பதற்குள் ஓட்டுநர் ஏறி ஹாரன் அடித்துவிட்டார். ஆசிரியை சான்றிதழ் உறையைப் பைக்குள் வைத்தார். கோபம் வந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"தெரியும் சார். நகலோட குடுத்த மார்க் லிஸ்ட்டுல பச்ச மையில உங்க கையெழுத்து இருந்துச்சி. அதனாலதான் உங்க வூட்டுக்கு வந்தேன்," என்றார்.

பஸ்ஸில் ஏறி, படியில் நின்றபடியே திரும்பினார்.

"ஒண்ணு மட்டும் செய்யச் சொல்லுங்க சார். கேள்வில சமச்சீர்னு ஒரு வார்த்த இருக்குதில்ல, அத எடுத்துடச் சொல்லுங்க. அடுத்து வர்றவங்க யாராச்சும் அதப் படிச்சித் தொலைக்கப் போறாங்க."

அதற்கும் ஒரு நடைமுறை உண்டு. பதவியில் இருக்கும் தலைவர் எழுதித் தரவேண்டும்.