பதிமூன்றாவது தவணை

எனக்கு ஓர் இடத்தில் உட்கார வராது. கடையில் ஆள் இல்லாவிட்டால் வாசலுக்கும் மேசைக்கும் நடந்துகொண்டே இருப்பேன். என் வீட்டுக்காரர் நேர்மாறு. கூரை ஒழுகினால்கூட நாற்காலியை இரண்டடி தள்ளிப் போட்டுக்கொண்டு உட்காருகிறவர். இப்படி இரண்டு பேர் சேர்ந்து, திண்டுக்கல் வெங்காயப் பேட்டைக்குப் போகிற வழியில் ஒரு செல்போன் ரீசார்ஜ் கடை நடத்தினோம். இரண்டாயிரத்துக்குப் பிறகு, மூட்டை தூக்குகிறவர் சட்டைப் பையிலும் போன் வந்துவிட்டிருந்த வருடங்கள் அவை.

லாரி வந்து நின்றதும் மேஸ்திரி போன் போடுவார். எடுக்கிறவனுக்கு அன்றைக்குக் கூலி, எடுக்காதவனுக்கு இல்லை. அதனால் பேட்டை ஆட்கள் சோற்றை ஒரு வேளை தள்ளிப்போட்டாலும் ரீசார்ஜைத் தள்ளிப்போட மாட்டார்கள். நூறு ரூபாய்க் கார்டுதான் அவர்களுக்குத் தோது. எல்லோரும் அதை ‘மாசக் கார்டு’ என்றே சொன்னார்கள், நாங்களும்தான். அதன் நாள் முடிந்தால் வெளியே பேச முடியாது. இன்னும் கொஞ்ச நாள் விட்டால் வருகிற அழைப்பும் நின்றுபோகும்.

சீட்டு யோசனை என் வீட்டுக்காரருடையது. பேட்டையில் பலகாரத்துக்குத் தீபாவளிச் சீட்டு, பாத்திரத்துக்குப் பொங்கல் சீட்டு என்று எதற்கெடுத்தாலும் சீட்டுதான். “ரீசார்ஜுக்கும் ஒரு சீட்டுப் போட்டா என்ன? தை ஒண்ணுல ஆரம்பிப்போம். தமிழ் மாசம் பொறந்தா நூறு ரூவா. நாள் முடிய முடிய நாமளே ஏத்தி விட்டுருவோம். அடுத்த பொங்கல் வரைக்கும் அவுங்களுக்குக் கவலையே இல்ல” என்றார். மேஸ்திரிக்கு அது பிடித்துப்போய், நாற்பது பேரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். பொங்கலன்றே எல்லோருக்கும் ஏற்றிவிட்டோம்.

நூற்றுக்கு மூன்று ரூபாய் எங்களுக்குக் கமிஷன். அதைச் சேர்த்துவைத்து ஒரு பழைய ஜெராக்ஸ் மிஷின் வாங்க வேண்டும் என்பது என் ஆசை. மேசைக்குப் பக்கத்தில் அதற்கு இடம்கூட ஒதுக்கி, யார் அங்கே சைக்கிள் பம்பை வைத்தாலும் எடுத்து எறிந்துகொண்டிருந்தேன்.

சித்திரையிலேயே எனக்கு ஏதோ உறுத்தியது. மாதம் பிறந்து பணம் வருவதற்கு முன்பே போன்களின் நாள் முடிந்தது. எங்கள் கையிலிருந்து போட்டுவிட்டுப் பிறகு வாங்கிக்கொண்டோம். வைகாசியில் அந்த இடைவெளி இன்னும் பெரிதானது. ஆனியில், பணம் வர இரண்டு வாரம் இருக்கும்போதே நாற்பது போன்களும் நாள் முடிந்து வாயைத் திறந்துவிட்டன.

“ஏங்க, நாம எங்கயோ தப்புப் பண்றோம்” என்றேன்.

“முன்னப் பின்னத்தான் இருக்கும். வருசக் கடைசில சரியாயிரும்” என்றார்.

எனக்கு அது அடங்கவில்லை. எங்களுக்குப் பேலன்ஸ் போட்டுவிட வரும் ஏஜென்சிப் பையனைப் பிடித்து உட்காரவைத்தேன். அவன் சிரித்தான். “மாசக் கார்டுன்னு நீங்கதாங்க்கா சொல்றீங்க. கம்பெனி எங்க சொல்லுச்சு? அட்டையப் பாருங்க, இருவத்தெட்டு நாளுன்னுதான் போட்டிருக்கு. சரியா நாலு வாரம். திங்கக்கெழம போட்டா திங்கக்கெழமதான் திரும்பப் போடணும். அவுங்களுக்கு வாரக் கணக்கு சௌகரியம்.”

“அவுங்களுக்குச் சௌகரியம். போடுறவனுக்கு?”

“ரெண்டு மூணு நாளு கொறையுது. அதப் போயி யாரு எண்ணுறா? முப்பது நாளு குடுத்தா வெலையக் கூட்டணும், கூட்டுனா வாங்க யோசிப்பாங்க. இதுல வெலையும் கொறைச்சலா தெரியும், வருசத்துக்கு ஒரு தடவ சேர்த்தும் போட்டுருவாங்க.”

அவன் போனதும் காலண்டரைக் கழற்றி மேசையில் பரப்பினேன். பன்னிரண்டு தடவை போட்டாலும் முந்நூற்று முப்பத்தாறு நாள்தான் ஓடும். மிச்சம் கிட்டத்தட்ட ஒரு மாதம் அந்தரத்தில் தொங்குகிறது. பதிமூன்று தடவை போட்டால்தான் ஒரு வருடம், அதிலும் ஒரு நாள் குறையும். ஆயிரத்து இருநூறு என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்த வருடச் செலவு, ஆயிரத்து முந்நூறு. நாங்கள் வாங்கப்போவதோ பன்னிரண்டு தவணை. ஓர் ஆளிடம் வருடம் முழுக்கக் கிடைக்கிற கமிஷனைச் சேர்த்தாலும் அவருடைய பதிமூன்றாவது கார்டில் பாதிகூடத் தேறாது.

அன்றிலிருந்து மார்கழி வரை எனக்குத் தூக்கமும் சரியில்லை, வாயும் சரியில்லை. ஏதாவது சாக்கில் அவரைக் கடித்துக்கொண்டே இருந்தேன். “மேஸ்திரிகிட்டச் சொல்லி ஆளுக்கு நூறு கேளுங்க.”

“அடுத்த பொங்கல் வரைக்கும்னு வாயால சொல்லிட்டேன். இப்பக் கேட்டா கடைக்குப் பேரு என்னாகும்?”

“அப்ப நானு கேக்குறேன்.”

“நீ ஒண்ணும் பேசப்படாது” என்றார். அவர் அப்படிக் கண்டிப்பாகப் பேசி நான் அதிகம் கேட்டதில்லை. மார்கழி பிறந்து கடைசித் தவணையை வாங்கிய கையோடு, நாற்பது பேருக்கும் மறுபடி ஏற்றினோம். ஜெராக்ஸ் மிஷினுக்குச் சேர்த்த பணம் முழுக்கக் கரைந்தது. ஒவ்வொரு நம்பராக நான்தான் அழுத்தினேன். எரிச்சலில் கண்ணீர் வந்துவிட்டது. அதையும் அவர் பார்க்கவில்லை.

அடுத்த பொங்கலுக்கு நான் விடவில்லை. சீட்டு என்றால் பதிமூன்று தவணை என்று வாசலில் எழுதியே வைத்தேன். மேஸ்திரி அதைப் படித்துவிட்டு எகிறினார்.

“ஏங்க்கா, பதிமூணாவது மாசம் எந்தக் காலண்டர்ல இருக்கு? போன வருசம் பன்னெண்டுதான குடுத்தோம்? பொங்கல் வரைக்கும் ஓடுச்சா இல்லையா? ஆளு சேந்துட்டாங்கன்னதும் ரொம்ப ஆசப்படுறீங்களே!”

ஆசை என்ற சொல் சுள்ளென்று பட்டது. வாயைத் திறந்தேன். உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர் செருமினார். மூடிக்கொண்டேன். நாற்பது பேரும் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருந்த ஒரு கடைக்குப் போனார்கள். அங்கே பன்னிரண்டு தவணைதானாம். பேட்டைக்குப் போகிற வழி எங்கள் கடை வாசல்தான். அந்த வருடம் முழுக்க மேஸ்திரி எதிர் ஓரமாகவே நடந்தார்.

மார்கழி பிறந்து இரண்டு மூன்று நாள்கூட ஆகியிருக்காது, ஒரு காலையில் இந்தப் பக்கம் ஏறி வந்தார். மிஷினுக்கென்று விட்டிருந்த அந்த வெற்று இடத்தில் நின்றுகொண்டார்.

“லாரி வந்து நிக்கிது. என் போன்லருந்து எவனுக்கும் போகல. அந்தக் கடைக்காரன் சீட்டு முடிஞ்சிருச்சுங்கிறான். பன்னெண்டு வாங்கினேன், பன்னெண்டு போட்டேன்கிறான். பொங்கலுக்கு இன்னும் இம்புட்டு நாளு கெடக்கேக்கா?”

“அதுக்குத்தான் பதிமூணாவது கேட்டேன்.”

“அப்ப போன வருசம் மட்டும் எப்பிடி ஓடுச்சு?”

வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் செருமவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

“நாங்க போட்டோம்.”

“யாருக்கு?”

“நாப்பது பேருக்கும்.”

மேஸ்திரி சட்டைப் பையிலிருந்து ஒரு நூறு ரூபாய்த் தாளை எடுத்து நீட்டினார். லாரி ஆரன் அடித்துக்கொண்டிருந்தது. “அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லக்கா” என்றார்.

“சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா?”

அவர் என்னைப் பார்த்தார், வாசலில் பாதி அழிந்திருந்த என் எழுத்தைப் பார்த்தார்.

“இல்லக்கா,” என்றார். “நம்பியிருக்க மாட்டேன்.”

நான் தாளை வாங்கிக்கொண்டு அவர் நம்பரை அழுத்தினேன்.