என் மலையின் எண்

கிள்ளானிலிருந்து ரயிலேறி, பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேல்மாடியில் இருந்த கேம் செய்யும் கம்பெனிக்குப் போய்வந்த காலம் அது. எங்கள் குழுத் தலைவர் தன் காரை எப்போதும் படிக்கட்டு வாசலை மறித்துத்தான் நிறுத்துவார். நான் சுவரை உரசிக்கொண்டு நுழைவேன். அந்த மனிதர்தான் பிறகு என் மலையையும் திருடினார்.

கணினியில் செய்த மலை அது. நாய்ஸ் என்று சொல்லும், சீராக ஏறி இறங்கும் தற்செயல் எண்களால் ஸ்கிரிப்ட் என்னும் என் சிறு நிரல் முதலில் பெரிய மேடுபள்ளங்களை அமைக்கும். அதன்மேல் இரண்டு மடங்கு நெருக்கமும் பாதி உயரமும் கொண்ட இன்னோர் அடுக்கு. இப்படி ஆறு அடுக்குகளைக் கூட்டினால் கட்டத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் உயரம் கிடைக்கும். ஒவ்வொரு சதுரத்தையும் இரண்டு முக்கோணங்களாக்கி மெஷ் என்னும் வலைக் கோப்பாக எழுதினால் மலை தயார்.

எல்லாவற்றுக்கும் தொடக்கம் சீட் என்கிற ஓர் எண். அதே எண்ணைக் கொடுத்தால் அதே மலை வரும். கொடுக்காவிட்டால் ஸ்கிரிப்ட் கடிகாரத்திலிருந்து எதையாவது எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் வேறு மலை. எனக்கு அந்த எண்ணைக் கோப்பில் எழுதிவைக்கும் பழக்கம் இல்லை. ஓட்டும்போது கையால் தட்டுவேன்.

தலைவர் ஸ்கிரிப்டைப் பிரதியெடுத்து, மேலே இருந்த என் பெயரை அழித்துவிட்டு, "ரெண்டு மாசமா நான்தான் உக்காந்து எழுதினேன் சார்" என்று, நான் அதில் செய்திருந்த மலையை வாடிக்கையாளரிடம் காட்டிச் சொன்னார். நானும் அதே அறையில்தான் இருந்தேன். பார்த்துக்கொள்கிறேன் என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

அடுத்த கூட்டத்தில் வாடிக்கையாளர், "கிட்ட போனா கரடுமுரடா தெரியுது. அதே மலை, புள்ளிங்க மட்டும் நெருக்கமா வேணும்" என்றார். தலைவர் ஸ்கிரிப்டை அங்கேயே ஓட்டிக் காட்டினார். ஒரு மொட்டை மேடு வந்தது. மறுபடி ஓட்டினார். பள்ளத்தாக்கு வந்தது.

"பாஸ், இது வேற மலை லா" என்றார் வாடிக்கையாளர்.

தலைவர் என் பக்கம் திரும்பினார். "என்னமா பண்ணி வச்சிருக்க?"

"நான் என்ன பண்ணேன் அண்ணே? நீங்க எழுதினதுதானே, நீங்களே பாருங்க" என்று, நுரை பொங்க ஆற்றிய பால் தேநீரான தே தாரேக்கை உறிஞ்சினேன். அவ்வளவு ருசியான தே தாரேக்கை அதற்கு முன்பு நான் குடித்ததில்லை.

மூன்றாவது முறையும் வேறு மலைதான். தலைவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "இவங்கதான் எழுதினாங்க சார்" என்று முணுமுணுத்தார்.

"கேக்கல அண்ணே" என்றேன். நன்றாகவே கேட்டிருந்தது. இன்னொரு முறை உரக்கச் சொல்ல வைத்தேன்.

பிறகு எழுந்துபோய் சீட் எண்ணாக நான்கு இலக்கங்களைத் தட்டினேன். அதே முகடு, அதே சரிவு, நெருக்கமான புள்ளிகளோடு எழுந்தது.

வாடிக்கையாளர் கிளம்பிய பிறகு தலைவர் மெல்லக் கேட்டார். "அது என்ன நம்பர்மா?"

"கீழ வாசல மறிச்சிக்கிட்டு நிக்குதே, உங்க கார். அதோட நம்பர்."

அந்த மலையில் அவருடையது என்று சொல்ல அது ஒன்றுதான் இருந்தது. அதுகூட அவருக்குத் தெரியவில்லை.